அட்ஜஸ்டட் R²-ஐத் தமிழில் எப்படிச் சொல்வது? ("திருத்திய" சரிவரவில்லை)

தேன்மொழி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்கான புள்ளியியல் செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். தொடர்புப்போக்கு அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். ஆர் மென்பொருள் திரையில் இரண்டு எண்களை அடுத்தடுத்துக் காட்டும். ஒன்று `Multiple R-squared`, மற்றது `Adjusted R-squared`. முதலாவதை நிர்ணயக் கெழு என்று எழுதினேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதைத் "திருத்திய நிர்ணயக் கெழு" என்று எழுதியதும், கைப்பிரதியைப் படித்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "அப்படியென்றால் முதலாவது தப்பாக் கணக்குப் போட்டதா மேடம்?"

தப்பில்லை என்று தெரியும். ஆனால் "திருத்திய" என்று எழுதிவிட்டு, தப்பில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.

லோகநாதன் எழுதியது:

அம்மா தேன்மொழி, R என்பது ஒட்டுறவுக் கெழு, R² அதன் வர்க்கம். நாங்கள் படித்தபோது அவ்வளவுதான். வர்க்கத்தை எதற்கு அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்? இரண்டை இரண்டால் பெருக்கினால் நான்கு, அதில் சரிசெய்ய என்ன இருக்கிறது? சொல் வேண்டுமென்றால் "சரிக்கட்டிய" என்று வைக்கலாம். எளிய தமிழ், கிராமத்தானுக்கும் புரியும்.

இம்ரான் எழுதியது:

ஐயா, "ஆளைச் சரிக்கட்டிட்டேன்" என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். கையூட்டு வாங்கிய R² நமக்கு வேண்டாம்.

ஒரே ஒரு மாறி இருந்தால் நீங்கள் சொல்வது சரி. பல மாறிகளை வைத்துக் கணிக்கும்போதுதான் சிக்கல். புதிய மாறி எதைச் சேர்த்தாலும் R² ஏறும், சும்மா ஒரு குப்பை எண்ணைச் சேர்த்தாலும் ஏறும். அட்ஜஸ்டட் R² அப்படியில்லை. உண்மையிலேயே பயனுள்ள மாறி வந்தால் மட்டும் ஏறும், குப்பை வந்தால் இறங்கும். நான் வேலையில் தினமும் இதைப் பார்த்துத்தான் மாறிகளைத் தேர்ந்தெடுக்கிறேன். ஆக, இது மாறிக்கு விதிக்கும் தண்டம். "தண்டம் கழித்த R²" என்று சொல்லலாமே?

கதிரேசன் எழுதியது:

இம்ரான் தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை அப்படியே எடுத்துக்கொண்டால் சொல்லும் கோணலாகப் போகும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரோடு வரும் `mtcars` தரவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் மோட்டார் ட்ரெண்ட் இதழில் 1974-இல் வந்த 32 கார்களின் விவரம். மைலேஜைக் கணிக்க வேண்டும். ஒன்றும் தெரியாமல் எல்லாக் காருக்கும் சராசரி மைலேஜையே சொன்னால், பிழைகளின் வர்க்கக் கூடுதல் 1126.05. காரின் எடை, குதிரைத்திறன் இரண்டையும் வைத்துக் கணித்தால் மிச்சப் பிழை 195.05 ஆகக் குறைகிறது. எத்தனை பங்கு குறைந்ததோ அதுதான் R²: 0.8268.

இப்போது கால் மைல் ஓட எடுக்கும் நேரத்தையும் சேர்க்கிறேன்.

```r
m2 <- lm(mpg ~ wt + hp, data = mtcars)
m3 <- lm(mpg ~ wt + hp + qsec, data = mtcars)
deviance(m2)   # 195.05
deviance(m3)   # 186.06
```

மிச்சம் 186.06-க்கு இறங்கிவிட்டது. மாறியைச் சேர்த்தால் மிச்சம் ஏன் ஏறுவதில்லை? மீச்சிறு வர்க்க முறைக்கு ஒரே வேலைதான், மிச்சத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பது. புதிய மாறி வேண்டாமென்றால் அதன் கெழுவுக்குப் பூஜ்யம் போட்டுவிட்டுப் பழைய 195.05-லேயே நிற்கலாம், யாரும் தடுக்கவில்லை. பூஜ்யத்தைவிட நல்ல எண் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளும். 32 வரிகள் உள்ள எந்த எண் வரிசையைக் கொடுத்தாலும், கைபேசி எண்களின் கடைசி இலக்கங்களைக் கொடுத்தாலும், தற்செயலாகவாவது கொஞ்சம் பொருந்தும். அந்தக் கொஞ்சத்தை அது விடாது. அதனால் R² இறங்காது, துளியாவது ஏறும்.

எவ்வளவு ஏறும் என்பதும் கணக்கில் இருக்கிறது. ஒன்றுக்கும் உதவாத 10 மாறிகளை 32 கார்களுக்குக் கொடுத்தால், சராசரியாக 10/31, அதாவது 0.32 அளவுக்கு R² சும்மாவே வந்து நிற்கும். மாதிரியில் ஒரு விஷயமும் இல்லாமல் மூன்றில் ஒரு பங்கை "விளக்கிவிட்டோம்" என்று காட்டும்.

அட்ஜஸ்டட் R² செய்வது இதுதான். மிச்சக் கூடுதலை அப்படியே ஒப்பிடாமல், தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கிறது. 32 கார், மதிப்பிட்ட கெழுக்கள் 3 (நிலையெண்ணோடு சேர்த்து), மீதி 29. 195.05-ஐ 29-ஆல் வகுத்தால் 6.73. சராசரியை மட்டும் வைத்திருந்தபோது 1126.05-ஐ 31-ஆல் வகுத்தால் 36.32. ஒன்றிலிருந்து இந்த இரண்டின் விகிதத்தைக் கழித்தால் 0.8148.

இப்போது ஒரு வீட்டுக் கணக்காக நினைத்துப் பாருங்கள். புதிதாகக் குடிவரும் மாறி ஒவ்வொன்றும் வாடகை தர வேண்டும். வாடகை 6.73, அதாவது இப்போதைய தலைக்கு மிச்சம். கால் மைல் நேரம் மிச்சத்தை 8.99 குறைத்தது. வாடகை கட்டிவிட்டது, ஆகவே அட்ஜஸ்டட் R² 0.8171-க்கு ஏறியது. எடை, குதிரைத்திறன் இரண்டோடு, கால் மைல் நேரம் உட்பட மீதமுள்ள எட்டு மாறிகளையும் ஒரேயடியாகச் சேர்த்தால் மிச்சம் 195.05-இலிருந்து 147.49-க்கு இறங்குகிறது. 47.56 குறைவு. எட்டுப் பேருக்கு வாடகை 53.8. போதவில்லை. R² 0.869-க்கு ஏறியும், அட்ஜஸ்டட் R² 0.8066-க்கு இறங்கிவிடுகிறது, எடை, குதிரைத்திறன் இரண்டு மட்டும் இருந்ததைவிடக் கீழே.

வாடகை கட்டியதாலேயே கால் மைல் நேரம் "பயனுள்ள" மாறி என்று ஆகிவிடுமா? அதன் t மதிப்பு 1.16, p மதிப்பு 0.25 பக்கம். எந்தப் பத்திரிகையும் இதை முக்கியம் என்று ஏற்காது. t-யின் அளவு ஒன்றைத் தாண்டினாலே அட்ஜஸ்டட் R² ஏறும், அவ்வளவுதான் அதன் அளவுகோல். தம்பி நினைத்ததைவிட மிகத் தாராளமான வீட்டுக்காரர்.

ஆகவே "திருத்திய" என்பது அதிக வாக்குறுதி. "தண்டம் கழித்த" என்பதும் தண்டனை பயங்கரமாக இருப்பதுபோல் காட்டுகிறது. என் யோசனை: நகைக்கடையில் மொத்த எடை, நிகர எடை என்று எழுதுகிறார்களே, அதுபோல "நிகர R²".

சுகந்தி எழுதியது:

வணக்கம். ஆய்வேட்டுக்காகப் பருத்தி விளைச்சலைக் கணித்தபோது எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மழை, வெப்பநிலை, உரம் என்று வைத்திருந்தேன். காற்றின் ஈரப்பதத்தைச் சேர்த்ததும் R² *குறைந்துவிட்டது*. அட்ஜஸ்டட் இல்லை, சாதா R²-தான். வழிகாட்டியிடம் காட்டினேன், "மென்பொருளில் கோளாறு, வேறு பதிப்பை நிறுவிப் பார்" என்றார். இரண்டு நாள் அதிலேயே போனது. கதிரேசன் ஐயா சொல்வது உண்மையென்றால் இது எப்படி நடந்தது?

கதிரேசன் எழுதியது:

ஈரப்பத அட்டவணையில் எல்லா ஆண்டுக்கும் எண் இருந்ததா அம்மா?

சுகந்தி எழுதியது:

இல்லை ஐயா, நான்கு ஆண்டுகளுக்குக் கட்டம் காலியாக இருந்தது. நிலையத்தில் கருவி பழுது என்று எழுதியிருந்தார்கள். ஓ!

கதிரேசன் எழுதியது:

அதேதான். காலிக் கட்டம் உள்ள வரியை `lm` ஓசையில்லாமல் தூக்கிவிடும். `summary` வெளியீட்டின் கீழே `observations deleted due to missingness` என்று ஒரு வரி வந்திருக்கும், யாரும் அதுவரை படிப்பதில்லை. நீங்கள் ஒப்பிட்டவை இரண்டு வேறு தரவுகள். இறங்காது என்ற விதி அதே வரிகள், அதே விளைவு மாறி இருக்கும்போதுதான். அட்ஜஸ்டட் R²-ஐ ஒப்பிடவும் அதே நிபந்தனை. இரண்டு மாதிரிகளிலும் `nobs()` எவ்வளவு என்று முதலில் பாருங்கள். நான்கு ஆண்டுகளை நீக்கிவிட்டுப் பழைய மாதிரியையும் மறுபடி ஓட்டினால் R² ஏறியிருப்பது தெரியும். விளைச்சலை ஒன்றில் அப்படியே, இன்னொன்றில் மடக்கை எடுத்து வைத்து இரண்டின் R²-ஐ ஒப்பிடுவதும் இதே வகைத் தவறு.

இம்ரான் எழுதியது:

கதிரேசன் ஐயா, நம்ப மனமில்லாமல் நேற்று இரவு ஓட்டிப் பார்த்தேன். எடை, குதிரைத்திறன், கால் மைல் நேரம் மூன்றோடு `rnorm(32)` தரும் வெறும் சீட்டுக்குலுக்கல் எண்ணைச் சேர்த்து, மறுபடி மறுபடி ஆயிரம் தடவை. R² ஒரு தடவைகூட இறங்கவில்லை. அட்ஜஸ்டட் R² ஏறுமா என்று எண்ணினேன். மூன்றில் ஒரு தடவை ஏறுகிறது! குப்பையை வெளியே நிறுத்தும் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அப்படியென்றால் நான் இருபது முப்பது மாறிகளை வைத்துக்கொண்டு, அட்ஜஸ்டட் R² அதிகம் வரும் கூட்டணியைத் தேடிப் பிடிக்கிறேனே, அது?

கதிரேசன் எழுதியது:

அது தனிக் கதை. இருபது மாறியில் பத்து லட்சத்துக்கும் மேல் கூட்டணி அமையும். அவற்றில் மேலே வந்ததை எடுத்தால், தேடிய செலவு எந்தச் சூத்திரத்திலும் வராது. வாடகை உள்ளே குடியிருப்பவர்களுக்குத்தான், வாசலில் வந்து பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு இல்லை. கணிப்புத்தான் நோக்கமென்றால் கொஞ்சம் தரவை ஒதுக்கி வைத்துவிட்டு அதில் சோதித்துப் பாருங்கள்.

லோகநாதன் எழுதியது:

வாடகைக் கணக்கு எனக்கும் புரிந்தது. நன்றி. ஆனால் "நிகர" என்பதில் ஒரு சங்கடம். நகையில் நிகர எடை என்றால் கல்லைக் கழித்துவிட்டுத் தங்கம் மட்டும். அது உண்மையான எடை. கதிரேசன் சொல்வதைப் பார்த்தால் இங்கே கல்லும் கொஞ்சம் உள்ளேயே இருக்கிறதே? இன்னொன்று, இந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே போகுமா? நிகர எடை எதிர்மறை என்றால் கடைக்காரர் சிரிப்பார்.

கதிரேசன் எழுதியது:

போகும். மாறிகள் வாடகைக்குக்கூடத் தேறவில்லையென்றால் எதிர்மறைதான் வரும். அங்கே நகைக்கடையை விட்டுவிட்டு மளிகைக்கடைக்குப் போங்கள், நிகர நட்டம் என்று சொல்கிறோமே. ஆனால் முதல் மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை. கல் உள்ளே இருப்பது உண்மைதான்.

சுகந்தி எழுதியது:

"ஈடுசெய்த R²" என்று வைத்தால்? சும்மா ஏறியதற்கு ஈடாகக் கொஞ்சம் கழித்தோம் என்றுதானே பொருள். உண்மை எடை என்ற தோற்றம் வராது.

இம்ரான் எழுதியது:

யார் யாருக்கு ஈடுசெய்தது என்று கேட்பார்கள். எனக்கு "நிகர"தான் நாக்கில் நிற்கிறது. கூட்டத்தில் ஒரு தடவை சொன்னேன், யாரும் திரும்பக் கேட்கவில்லை.

தேன்மொழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. "ஈடுசெய்த", "நிகர" இரண்டையும் எழுதி அந்த மாணவியிடம் காட்டினேன். "ஈடுசெய்த" என்றதும் பயிர்க் காப்பீடா என்றாள். "நிகர" என்றதும் தலையாட்டினாள், ஆனால் அடுத்த நொடியே, "அப்ப இதுதான் சரியான R²-ஆ?" என்று கேட்டாள். லோகநாதன் ஐயா பயந்தது அப்படியே நடந்தது.

இப்போதைக்குக் கைப்பிரதியில் "நிகர R²" என்று போட்டு, பக்கத்திலேயே 195.05, 186.06, 147.49 மூன்று எண்களையும் வாடகைக் கணக்கோடு எழுதிவிட்டேன். அச்சுக்குப் போக ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் கல் உள்ளே இருப்பதையும் காட்டும் சொல் யாருக்காவது கிடைத்தால் மாற்றிவிடுகிறேன்.