பொது லாகினை மூடும் கடிதம்: ஒரு வரி எழுத உதவி தேவை

வணக்கம். நான் ஐடி மேலாளர். தணிக்கையில் பிடிபட்டது இது: கணக்குப் பிரிவில் எல்லோரும் ஒரே லாகினில்தான் பில் போடுகிறார்கள். ஒரு பில்லைத் திருத்தியது யார் என்று பதிவைப் பார்த்தால் தெரியாது. வேலையை விட்டுப் போனவர்களுக்கும் அந்தப் பாஸ்வேர்டு தெரியும்.

ஊழியர்களுக்கான கடிதத்தில் ஆளுக்கொரு லாகின், பில் போட்டவரே ஒப்புதல் தரக் கூடாது, மாதக் கணக்கு முடிந்ததும் பொது லாகின் முடக்கப்படும் என்று எழுதிவிட்டேன். அதுவரை சரி.

சிக்கல் என்னவென்றால், இரவில் தானாக ஓடும் சில அறிக்கைகளும் அதே லாகினில்தான் ஓடுகின்றன. விண்டோஸ் சர்வரின் செக்யூரிட்டி லாகில் 4624 நிகழ்வுகளை எடுத்து, Logon Type 4 (திட்டமிட்ட பணி), 5 (சர்வீஸ்) என்று வடிகட்டியதில் சில சிக்கின. ஆனால் காலாண்டுக்கு ஒருமுறை ஓடுவது லாகில் இன்னும் இருக்குமா என்பது சந்தேகம்; பழைய பதிவுகள் மேலெழுதப்பட்டுவிடும். எக்ஸெல் மேக்ரோவுக்குள் யாராவது பாஸ்வேர்டை எழுதி வைத்திருந்தால், அது இந்த இரண்டு வகையிலும் வராது.

அதை ஊழியர்களே சொன்னால்தான் உண்டு. திட்டு விழும் என்று பயந்து மறைப்பார்கள். "சொல்பவர் மீது நடவடிக்கை இல்லை" என்று கடிதத்திலேயே போட்டவர்கள் இருக்கிறீர்களா? மேலிடத்தை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? அப்புறம், முடக்கிய லாகினை எத்தனை நாள் கழித்து அழிக்கிறீர்கள்?