கலைச்சொல் வேண்டும்: விஷுவல் ஹைரார்க்கி, ஸ்குவிண்ட் டெஸ்ட்

செல்வி:
சுவரொட்டி வடிவமைப்புக் கையேட்டுக்கு இந்த இரண்டு சொற்கள் தேவை. விஷுவல் ஹைரார்க்கியைக் ‘காட்சிப் படிநிலை’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பதவி உயர்வுப் பட்டியலைத்தான் நினைவூட்டுகிறது. கண் முதலில் எதில் விழுகிறது, பிறகு எங்கே போகிறது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

கணேசன்:
ஸ்குவிண்டுக்கு ‘மாறுகண்’ என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறதே. ‘மாறுகண் சோதனை’ எனலாம்.

வேலு:
ஐயா, மாறுகண் என்பது கண்ணின் குறைபாடு. இங்கே நாமாகவே கண்ணை இடுக்குகிறோம். இமையைப் பாதி மூடினால் வெளிச்சம் குறையும், நுணுக்கங்கள் மங்கும், பெரிய கருமை வெண்மைத் திட்டுகள் மட்டும் மிஞ்சும், எது முதலில் கண்ணைப் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். அதனால் ‘கண் இடுக்குச் சோதனை’ என்றால் செய்முறையும் விளங்கிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஏ3 அளவில் இரத்ததான முகாம் சுவரொட்டி. பச்சைப் பின்னணியில் சிவப்புத் தலைப்பு, நடுவில் தேதியும் இடமும், அடியில் ஆதரவாளர் சின்னங்கள் எட்டு, ஒவ்வொன்றும் வெள்ளைக் கட்டத்துக்குள். அதைச் சுவரில் ஒட்டி 2 மீட்டர் தள்ளி நின்று கண்ணை இடுக்கினால் தலைப்பு பச்சையில் கரைந்துவிடும், சின்னங்களின் வரிசைதான் பளிச்சென்று நிற்கும்.

ஃபரீதா:
அப்படியானால் தலைப்பை இன்னும் பெரிதாக்கினால் போதுமே?

வேலு:
பாதிதான் சரி. அளவு உதவும், ஆனால் இங்கே சிக்கல் ஒளிர்வில். #FF0000 சிவப்புக்கும் #008000 பச்சைக்கும் ஒளிர்வு வேறுபாடு ஏறக்குறைய 1.3க்கு 1 தான். இரு மடங்காக்கினாலும் தலைப்பு கரையும். தலைப்பை வெள்ளையாக்கினால் அதே பச்சையில் வேறுபாடு 5க்கு 1 ஆகும். சின்னங்களின் வெள்ளைக் கட்டங்களை எடுத்துவிட்டு அவற்றை இளம்பச்சை ஒற்றை நிறத்தில் வைக்க வேண்டும். மறுபடி இடுக்கினால் தலைப்பு முதலிலும், தேதி அடுத்தும், சின்னங்கள் கடைசியிலும் தெரிய வேண்டும். சந்தேகமிருந்தால் கைப்பேசியில் படமெடுத்து நிறம் நீக்கிப் பாருங்கள்.

ஃபரீதா:
எனக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி போடாமல் இடுக்கினால் எழுத்து இன்னும் தெளிவாகத்தான் தெரிகிறது!

வேலு:
உண்மைதான். இமையிடுக்கு சிறு துளை போல வேலை செய்து மங்கலைக் குறைக்கிறது. நீங்கள் கண்ணாடியைக் கழற்றி, இடுக்காமலே பாருங்கள். உங்களுக்கு அதுவே சோதனை.

செல்வி:
இதற்குப் பொருந்தும் பெயர் ‘மங்கல் சோதனை’ இல்லையா? இடுக்காதவர்களையும் சேர்த்துக்கொள்ளும்.

வேலு:
ஏற்கலாம். முதல் சொல்லுக்கு ‘எடுப்பு வரிசை’ எப்படி? ‘எடுப்பாகத் தெரிகிறது’ என்பது எல்லோர் வாயிலும் வரும் பேச்சு.

கணேசன்:
இசையில் பல்லவியை எடுப்பு என்போம். அனுபல்லவி தொடுப்பு, சரணம் முடிப்பு. தலைப்பு, தேதி, சின்னம் என்ற மூன்றுக்கும் அவையே பொருந்துகின்றனவே!

செல்வி:
அழகாக இருக்கிறது. ஆனால் ‘வரிசை’ என்பது மேலிருந்து கீழ் வாசிக்கும் முறை என்று மாணவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்களா? தேதி அடியில் இருந்தாலும் முதலில் கண்ணைப் பிடிக்கலாமே.

வேலு:
அந்தக் குழப்பம் வரும்தான். ‘எடுப்புநிலை’ என்றால் வரிசை போய்விடுகிறது, ஆனால் கண் நகர்வது சொல்லில் இல்லாமல் போகிறது. வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.