சலூனில் பாட்டுப் போடுவதும் குற்றமா?

கத்தரிக்கோல்: மூன்று நாற்காலி சலூன் நடத்துகிறேன். மாதாமாதம் ஸ்பாட்டிஃபைக்குப் பணம் கட்டுகிறேன். கடையில் பாட்டுப் போட வேறு உரிமம் வேண்டும் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். நான் முடிவெட்டத்தான் காசு வாங்குகிறேன், பாட்டுக்கு இல்லை. அப்புறம் என்ன?

கோர்ட்வாசல்: எழுதியது நான்தான். நீங்கள் கட்டுவது நீங்கள் கேட்பதற்கு. சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும், வணிகத்துக்கு அல்ல என்று அவர்கள் விதிமுறையே சொல்கிறது. பத்துப் பேர் வந்து போகும் கடையில் ஒலிக்க விடும் உரிமையை உங்களுக்கு அவர்கள் விற்கவே இல்லை.

கத்தரிக்கோல்: பாட்டுக்குக் காசு வாங்கவில்லை என்கிறேன். படித்துப் பார்த்தீர்களா?

கோர்ட்வாசல்: படித்தேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 2(ff) பிரிவை நீங்களும் படியுங்கள். பொதுமக்கள் கேட்கும்படி செய்தாலே போதும். காசு வாங்கினீர்களா என்ற கேள்வியே அதில் இல்லை.

டீமாஸ்டர்: எங்கள் கடையில் எஃப்.எம். மட்டும்தான். உரிமம் வாங்கித்தானே அவர்கள் ஒலிபரப்புகிறார்கள்? கல்யாணத்தில் ஊருக்கே கேட்கும்படி போடுகிறார்களே, அதற்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு.

கோர்ட்வாசல்: கல்யாண விலக்கு 52(1)(za)-இல் இருக்கிறது. கல்யாணத்துக்கு, டீக்கடைக்கு அல்ல. எஃப்.எம். விஷயத்தில் பாதி சரி. கட்டணம் வாங்கிக் கேட்க வைத்தால்தான் நிலையத்தின் ஒலிபரப்பு உரிமை மீறப்படும். பாட்டு எழுதியவர், மெட்டுப் போட்டவர் உரிமை அதோடு தீராது.

கத்தரிக்கோல்: பார்த்தீர்களா, 'கட்டணம் வாங்கினால்தான்' என்று இவரே சொல்லிவிட்டார்!

கோர்ட்வாசல்: அது நிலையத்தின் உரிமை ஐயா, பாட்டின் உரிமை இல்லை.

பழையகேசட்: என் யூடியூப் காணொளியில் பின்னணியில் பத்து வினாடி பாட்டு வந்ததற்கு வருமானமே போய்விட்டது. அதற்கும் இதே பிரிவுதானா?

டீமாஸ்டர்: அண்ணே, அதற்குத் தனி இழை தொடங்குங்கள். போன மாதமும் இப்படித்தான் குறுக்கே வந்தீர்கள்.

பழையகேசட்: போன மாதம் நான் சொன்னதுதான் சரி என்று எல்லாருக்கும் தெரியும்.

கோர்ட்வாசல்: சலூன் அண்ணனுக்கு வருகிறேன். வரிக்கும் மெட்டுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிவுபெற்ற சங்கம் உரிமம் தருகிறது. ஒலிப்பதிவு உரிமை வேறு கைகளில் இருக்கிறது, வம்பும் அங்கேதான். பதிவுபெற்ற சங்கமாக இல்லாத நிறுவனம் உரிமம் வழங்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் சொன்னது. உரிமையாளராக இருந்தால் முடியும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னது. அதனால் யாராவது நோட்டீஸோடு வந்தால் உடனே பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். எந்தெந்தப் பாட்டு, அந்த உரிமை எழுத்தில் எப்படி வந்தது, சங்கமாகப் பதிவு உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்குங்கள்.

டீமாஸ்டர்: நோட்டீஸ் கொடுப்பவனுக்கே உரிமை சந்தேகம் என்றால் நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?

கோர்ட்வாசல்: வசூலிப்பவர் யார் என்பதில்தான் வழக்கு. பாட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார் என்பதில் இல்லை.

கத்தரிக்கோல்: இருபது வருடமாகப் பாட்டோடுதான் கத்தரி பிடிக்கிறேன். நான் காசு வாங்குவது முடிவெட்டத்தான். இதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கோர்ட்வாசல்: மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன்.