மின்னோட்டக் கம்பியைச் சுற்றி வரும் காந்தப்புலத்துக்குக் கம்பிக்கு வெளியே கர்ல் ஏன் பூஜ்ஜியம்? விளக்க உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். வெக்டர் கால்குலஸில் தடுமாறும் மாணவர்களுக்கு மின்காந்தவியல் கற்பிக்கிறேன். கிரேடியன்ட் என்பது மின்னழுத்தம் மிக வேகமாக ஏறும் திசையும் வீதமும் என்பதையும், டைவர்ஜென்ஸ் என்பது ஒரு சிறு பெட்டியிலிருந்து ஓரலகு கனஅளவுக்கு நிகரமாக வெளியேறும் பாயம் என்பதையும் அவர்கள் எளிதாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சிறு மூடிய பாதையின் விளிம்பில் சுற்றிவரும்போது ஓரலகு பரப்புக்குக் கிடைக்கும் புலத்தின் நிகரச் சுழற்சியான கர்லில்தான் சிக்கல்: புலக்கோடுகள் வட்டமாக இருந்தால் அங்கே கர்லும் இருந்தாக வேண்டும் என்று உறுதியாக நம்புகிறார்கள்.

10 ஆம்பியர் பாயும் நீண்ட நேர்க்கம்பியை எடுத்துக்கொண்டேன். மையத்திலிருந்து 2 செ.மீ. தொலைவில் புலம் 100 மைக்ரோடெஸ்லா; 4 செ.மீ. தொலைவில் 50. இவ்விரு வட்டங்களுக்கிடையே, கம்பியை உள்ளடக்காத ஒரு விசிறித் துண்டின் விளிம்பில் சுற்றிவந்தால், வெளி வில்லின் நீளம் இரட்டிப்பாகிறது, புலம் பாதியாகிறது. உள் வில்லில் எதிர்த்திசையில் வருவதால் இரண்டும் முழுமையாக நீங்கிவிடுகின்றன. ஆர வழிப் பக்கங்களில் புலம் செங்குத்தாக இருப்பதால் அவற்றின் பங்கு ஏதுமில்லை. கம்பிக்குள்ளோ புலம் ஆரத்தோடு வளர்வதால் இந்த நீக்கம் நிகழ்வதில்லை. மின்னோட்டம் இருக்கும் அங்கேதான் கர்ல் இருக்கிறது.

கணக்கை ஏற்கிறார்கள், மனக்கண்ணில் காண முடியவில்லை என்கிறார்கள். வடியும் தொட்டி நீரின் சுழலில், மையத்தைவிட்டுத் தள்ளி, ஒரு சிறு சிலுவை மிதவையை விட்டால் அது தன்னைத்தானே சுழலாமல் சுற்றிவருவதைக் காட்டலாம் என எண்ணுகிறேன். இதை வகுப்பில் செய்தவர்கள், தொட்டியின் அளவையும் மிதவையின் அளவையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.