கொருக்குப்பேட்டை தெரு குழு: முருகனுக்கு வந்த வரி நோட்டீஸ்

முருகன்: கலா அக்கா, வருமான வரி நோட்டீஸ் வந்திருக்கு. போன வருஷம் ஜூன்ல பி.எஃப். 2,40,000 எடுத்தேன். 24,000 பிடிச்சுட்டு 2,16,000 தான் வந்தது. ரிட்டர்ன்ல அந்த 24,000-ஐத் திரும்பக் கேட்டேன். வரி பிடித்தம் இருக்கு, வருமானம் எங்கேன்னு கேக்கறாங்க. 30 நாள்ல பதில் போடணுமாம்.

தாமஸ் அண்ணன்: வரிதான் பிடிச்சாச்சே தம்பி, அதோட முடிஞ்சது. அஞ்சு வருஷம் ஒரே கம்பெனில இருந்தாத்தான் வரி கிடையாது.

கலா அக்கா: அஞ்சு வருஷம் சரி அண்ணா, ஒரே கம்பெனியாக இருக்கவேண்டியதில்லை. பழைய கம்பெனி பி.எஃப். புதுசுக்கு மாறியிருந்தால் அந்த சர்வீஸும் சேரும். அப்புறம், பிடித்த 10% முன்பணம் மாதிரிதான். வரி உண்டு என்றால் மீதியைக் கட்டணும், இல்லை என்றால் 24,000 திரும்ப வரும். முருகா, எங்கெங்கே வேலை பார்த்தாய்?

முருகன்: அம்பத்தூர்ல 2018 ஜூன்லேர்ந்து 2021 ஆகஸ்ட் வரை. ரெண்டு மாசம் சும்மா இருந்தேன். அப்புறம் மணலில 2021 நவம்பர்லேர்ந்து 2024 மார்ச் வரை.

கலா அக்கா: 3 வருஷம் 3 மாசம், 2 வருஷம் 5 மாசம். சும்மா இருந்ததை விட்டாலும் 5 வருஷம் 8 மாசம் ஆகுது. மணலியை மட்டும் பார்த்து வரி பிடித்திருப்பாங்கபோல. அம்பத்தூர் பணத்தை நடுவில் எடுத்தாயா, மாற்றினாயா? எல்லாம் அதில்தான் இருக்கு.

முருகன்: மாத்தினேன் அக்கா. மணலி பாஸ்புக்ல வந்த வரவு இருக்கு.

கலா அக்கா: அப்போ நல்லது. நோட்டீஸுக்கு Disagree போட்டு, இரண்டு கம்பெனியிலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, மாற்றிய தொகை எல்லாம் நாலு வரியில் எழுது. வருமான வரிச் சட்டம் 10(12) பிரிவில் வரி விலக்கு என்று சொல். பாஸ்புக், பி.எஃப். யுஏஎன் தளத்தில் வேலை பார்த்த தேதிகள் இருக்கும் Service History பக்கம், இரண்டு ரிலீவிங் லெட்டர், உன் பேரில் பிடித்த வரியைக் காட்டும் 26AS-ல், பி.எஃப்.-க்கான 192A பிரிவில் பிடித்த வரி தெரியும் பக்கம் எல்லாம் சேர்த்து வை. கடிதத்துத் தேதியும் Service History தேதியும் ஒன்றாக இருக்கான்னு முதல்ல பார். வேறாக இருந்தால் அங்கேதான் சிக்கும்.

தாமஸ் அண்ணன்: வரி பிடிக்க வேண்டாம்னு 15ஜி படிவம் கொடுத்திருந்தா பிடிச்சே இருக்க மாட்டாங்க.

கலா அக்கா: மொத்த வருமானத்துக்கு வரியே வராதவங்கதான் அண்ணா அதைக் கொடுக்கலாம். இவனுக்குச் சம்பளத்துக்கே வரி வருது.

ராணி அத்தை: எங்க பையன் நாலு வருஷத்துல எடுத்தான், அவனுக்கும் பிடிச்சாங்க. கம்பெனியே மூடிட்டாங்கம்மா.

கலா அக்கா: கம்பெனி மூடி வேலை போனால் அஞ்சு வருஷக் கணக்கு பார்க்க மாட்டாங்க அத்தை. மூடியதுக்கு ஏதாவது கடிதம் இருக்கா?

ராணி அத்தை: கையெழுத்து போட ஆளே இல்லையே.

கலா அக்கா: அது கொஞ்சம் கஷ்டம்தான். கூட வேலை செஞ்சவங்க யாரிடமாவது மூடல் நோட்டீஸ் நகல் இருக்கான்னு கேளுங்க, ஆடிட்டர் சாரிடம் காட்டிப் பார்க்கிறேன். முருகா, ரிட்டர்ன்ல விலக்கு வருமானம் பகுதியில் 2,40,000 காட்டினாயா?

முருகன்: இல்ல அக்கா.

கலா அக்கா: அப்போ பதிலிலேயே அதையும் எழுது. திருத்திய ரிட்டர்னும் போடலாம், அதுக்கும் கடைசித் தேதி உண்டு. பதிலுக்கு என்ன வருதுன்னு பார்த்துட்டு அதை முடிவு பண்ணலாம், ஆனால் தேதியை விட்டுடாதே.