அம்மாவுக்குத் தாகமே எடுப்பதில்லை

குமார்: அம்மா தண்ணீரே குடிப்பதில்லை, கேட்டால் தாகம் இல்லை என்கிறார். இன்று எழுந்து நின்றதும் தலை சுற்றியது. வேலூர் வெயில்தான் தெரியுமே. செல்வி அக்கா, என்ன செய்யலாம்?

செல்வி அக்கா: நேற்று சித்தி குடித்தது எல்லாவற்றையும் சொல். டீ, மோரையும் சேர்த்து.

குமார்: டீ இரண்டு வேளை, 150 மில்லி வீதம். மதியம் மோர் ஒரு டம்ளர். தண்ணீர் இரண்டு டம்ளர். எங்கள் டம்ளர் 200 மில்லி.

ராஜா மாமா: டீயைச் சேர்க்காதே. உடம்பில் இருக்கிற நீரையும் அது வெளியே இழுத்துவிடும்.

செல்வி அக்கா: சிறுநீரைக் கொஞ்சம் கூட்டும், அது உண்மைதான் மாமா. ஆனால் தினமும் குடித்துப் பழகியவருக்கு இரண்டு டீயால் நஷ்டம் வராது, கணக்கில் சேர்க்கலாம். ஆக மொத்தம் 900 மில்லி. சோறு, குழம்பு, காய் எல்லாம் சேர்ந்து இன்னொரு அரை லிட்டர் தரும். சாப்பாட்டோடு சேர்த்தே பெண்களுக்குச் சுமார் 2 லிட்டர் வேண்டும். இந்த வெயிலுக்கு அதுவும் போதாது.

சரசு அத்தை: எனக்குச் சர்க்கரை இருக்கிறதே, தர்பூசணி சாப்பிடலாமா?

செல்வி அக்கா: அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான் அத்தை. ஆனால் சர்க்கரையும் உண்டு, அளவை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஜூஸாக வேண்டாம்.

குமார்: தாகம் எடுக்காமல் எப்படித்தான் இருக்கிறார்?

செல்வி அக்கா: வயதானால் தாக உணர்வு மங்கிவிடும். அதனால் சிறுநீரைக் கவனி. வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர்ந்த நிறத்தில் கொஞ்சமாகப் போனால் நீர் குறைவு. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டிருந்தால் மட்டும் நிறத்தை நம்பாதே. தோலைக் கிள்ளிப் பார்ப்பதும் இந்த வயதில் சரிவராது.

குமார்: இப்போதுதான் மெல்லக் கேட்டேன். ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்துவிடுவோமோ என்று பயமாம். அதனால் பகலிலேயே குறைத்துவிடுகிறார்.

செல்வி அக்கா: அதுதான் காரணம். குடிப்பதை முன்னால் நகர்த்து. எழுந்ததும் ஒரு டம்ளர், பதினொரு மணிக்கு மோர், மூன்று மணிக்கு ஏதாவது பழத்தோடு ஒரு டம்ளர். ஏழு மணிக்குப் பிறகு கொஞ்சமாகக் குடித்தால் போதும். பாத்ரூம் வழியில் இரவு விளக்கு ஒன்று போடு. பிரஷருக்கு என்ன மாத்திரை?

குமார்: அட்டையில் டெல்மிசார்ட்டன் என்று இருக்கிறது, கூடவே ஹைட்ரோகுளோரோதயசைடு.

செல்வி அக்கா: இரண்டாவது மருந்து சிறுநீரைக் கூட்டும். தலைசுற்றலுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம், இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. நீங்களாக நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் போய், உட்கார்ந்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல். இதயம், சிறுநீரகம் எப்படி என்றும் கேள். அதில் கோளாறு இருந்தால் தண்ணீருக்கே அளவு வைப்பார்கள்.

ராஜா மாமா: மோரில் உப்பு?

செல்வி அக்கா: பிரஷர் இருப்பதால் டாக்டர் சொல்லும்வரை உப்பில்லாமலே கொடுங்கள்.

குமார்: சரி அக்கா. மாலை ஐந்து மணிக்கு டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.