[கலைச்சொல்] கன்னித்திரை வேண்டாம், சரி, வேறு என்ன?

செல்வி:
மாணவியருக்கான உடல்நலக் கையேடு நாளை மாலை அச்சுக்குப் போகிறது. இரண்டு இடத்தில் பெயர் கிடைக்காமல் சிக்கிக்கொண்டேன். ஒருத்திக்கு யோனிவாய்ச் சவ்வில் திறப்பே இல்லை. இன்னொருத்திக்குப் பிறவியிலேயே கருப்பை இல்லை. முதலாவதற்கு ‘துளையற்ற கன்னித்திரை’ என்று எழுதிவைத்தேன். மனசு ஒப்பவில்லை.

அறவாழி:
‘துளையாச் சவ்வு’ என்க. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். சுருக்கமும் அழகும் உண்டு.

கதிர்:
ஐயா, அது எதையும் துளைக்காத சவ்வு என்றல்லவா பொருள்படும்?

அறவாழி:
‘திண்ணை மெழுகிற்று’ என்றால் திண்ணை எதை மெழுகியது, தம்பி? செயப்படுபொருளைச் செய்தது போலச் சொல்வது தொல்காப்பியர் ஒப்பிய வழக்கு.

மருத்துவர் நளினி:
இலக்கணம் இருக்கட்டும். ‘கன்னி’ வேண்டாம் என்பதற்கு என்னிடம் காரணம் உண்டு. பதினான்கு வயதுப் பெண், வயசுக்கு வரவில்லை. ஐந்து மாதமாக, மாதம் மூன்று நாள் அடிவயிற்று வலி. பூச்சி மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஒருநாள் இரவு சிறுநீரே போகவில்லை. குழாய் விட்டு எடுத்தோம். பிறகு வெளியிலிருந்து பார்த்ததுமே தெரிந்தது: நீலம் பாய்ந்த சவ்வு புடைத்து நின்றது. வயிற்றின் மேல் வைத்துப் பார்த்த ஸ்கேனில் யோனி நிறையப் பழைய ரத்தம். அதுதான் மூத்திரப்பையை அழுத்தியிருக்கிறது. சவ்வைத் திறந்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் அம்மா கையெழுத்துப் போட மறுத்தார், ‘கன்னித்திரையைக் கிழித்தால் நாளைக்கு யார் கட்டுவான்’ என்று.

கதிர்:
அப்போ வலி இருந்தால் அடைப்பு, வலி இல்லாவிட்டால் கருப்பை இல்லை. அப்படியே எழுதிவிடலாமே?

நளினி:
பாதி சரி. கருப்பை வளராத பெண்ணுக்கு மார்பும், அக்குள், அந்தரங்க முடியும் வயதுக்கேற்ப வளர்ந்திருக்கும், சூலகமும் வேலை செய்யும். மாதவிலக்கு மட்டும் வராது, பெரும்பாலும் வலியும் இருக்காது. சிலருக்கு மட்டும் கருப்பையின் துண்டொன்று உட்படலத்தோடு மிஞ்சியிருக்கும். அவர்களுக்கும் மாதாமாதம் வலிக்கும். யோனிக்குள் மேலே குறுக்குத் தடுப்பு இருந்தாலும் வலி வரும், வெளியே புடைப்பு தெரியாது. ஆகவே ஸ்கேன், தெளிவில்லையென்றால் எம்ஆர்ஐ. கருப்பை இல்லை என்றானபின் குரோமோசோமும் பார்ப்போம்: பெண்ணாய் வளர்ந்தும் எக்ஸ்ஒய் குரோமோசோம் உள்ள சிலருக்கும் கருப்பை இராது, ஆனால் அந்த முடி குறைவாக இருக்கும். சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும், ஒன்று இல்லாமலே போகலாம்.

வள்ளி:
என் அக்கா மகளுக்குப் பதினாறு. ஒல்லியானவள், இன்னும் ஆகவில்லை. இதுவாக இருக்குமோ?

நளினி:
இங்கிருந்து சொல்ல முடியாது, அம்மா. பதினைந்து தாண்டியும் வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள். மெலிவாலும் தள்ளிப்போகும்.

செல்வி:
சரி, ‘திறப்பில்லா யோனிச்சவ்வு’, ‘பிறவிக் கருப்பையின்மை’. வெறும் ‘கருப்பையின்மை’ என்றால் அறுவையில் எடுத்தவர்களையும் குறிக்குமே.

கதிர்:
எனக்குச் சம்மதம். யோனி என்றதும் பள்ளியில் கையேட்டைப் பூட்டிவைத்துவிடுவார்களோ?

அறவாழி:
‘துளையாச் சவ்வு’ என்பதில் அந்தச் சொல்லே இல்லை, கவனித்தீர்களா? அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள் அம்மா.